மூன்று நாமினி நியமனத்துக்கு ஒரே கட்டம் போதாது: அரிசி ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், பணியாளர் பிரிவு மேலாளர் அவர்களுக்கும்,

வருகைப்பதிவு அறை வாசலில் போன வாரம் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். சம்பளக் கணக்கைப் புதிய மென்பொருளுக்கு மாற்றப்போவதாகவும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரும் எழுதிக்கொடுத்த நியமனதாரர் பெயரையே கிராஜுவிட்டி, குழுக் காப்பீடு, பி.எஃப். மூன்றுக்கும் ஏற்றிவிடப்போவதாகவும் அதில் சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் சேர்கிறவர்களுக்கு ‘நாமினி பெயர், உறவு’ என்று ஒரே ஒரு கட்டம்தான். கடைசி வரியில், ‘மாற்றம் தேவைப்படுவோர் அலுவலகத்தை அணுகலாம்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கட்டமும் அந்த வரியும் என்ன செய்யும் என்பதை இந்த ஆலையே ஒருமுறை பார்த்துவிட்டது. பார்த்த பிறகும் அதையே அச்சடித்து ஒட்டியிருப்பதால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

ட்ரையர் பிரிவில் இருந்த தம்பியை உங்களுக்கு நினைவிருக்கும். தாய் தகப்பன் இல்லாதவர். வலங்கைமானில் கட்டிக்கொடுத்திருந்த அக்காதான் அவரை வளர்த்து ஆளாக்கியவர். சேர்ந்த முதல் வருடம் முடிந்ததும் நாமினி பெயர் கேட்டார்கள், அக்கா பெயரை எழுதினார். அன்றைக்கு அது முழுக்கச் சரி. கல்யாணம் ஆகாதவர், தம்மைச் சார்ந்த தாய் தந்தை இல்லாதவர் என்றால் யார் பெயரையும் எழுத கிராஜுவிட்டி சட்டம் இடம் தருகிறது. பிறகு நீடாமங்கலம் பக்கத்தில் பெண் எடுத்தார். ஆலையிலிருந்து நாமெல்லோரும் வேன் வைத்துக்கொண்டு போய் மொய் எழுதிவிட்டு வந்தோம். மேலாளர் கையெழுத்துப் போட்ட கல்யாண முன்பணம் கணக்கில் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் மனைவி பெயரைச் சேர்த்ததும் உங்கள் அலுவலகம்தான். பெண் குழந்தை பிறந்தபோது அந்தப் பெயரும் ஈ.எஸ்.ஐ.யில் ஏறியது. அவருக்குக் கல்யாணமானதும் குழந்தை பிறந்ததும் அலுவலகத்தின் மூன்று கோப்புகளில் இருக்கிறது. நியமனக் கோப்பில் மட்டும் அக்கா பெயர் அப்படியே இருந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, முப்பத்தைந்து வயதில் யாருக்குத் தோன்றும்?

ஒரு நாள் விடியற்காலை வீட்டிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். பணியில் இருக்கும்போது இறந்தால் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருட நிபந்தனை கிடையாது. அவருக்கு அது தேவையும் இல்லை, 11 வருடம் 8 மாதம் வேலை பார்த்திருந்தார். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் 12 வருடம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசி மாதம் 15,600 ரூபாய். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 600. வருடத்துக்கு 15 நாள் வீதம் 9,000. பன்னிரண்டு வருடத்துக்கு 1,08,000 ரூபாய். குழுக் காப்பீட்டில் தனியாக 3 லட்சம்.

காப்பீட்டுத் தொகை அக்காவின் கணக்குக்குப் போயிற்று. பதிவில் இருந்த பெயர் அவருடையது. காப்பீட்டு நிறுவனம் அதற்குமேல் விசாரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிராஜுவிட்டியை மட்டும் ‘அக்கா வந்து ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடட்டும்’ என்று சொல்லி நாலைந்து மாதம் நிறுத்தி வைத்தீர்கள். அதற்குள் காப்பீட்டுப் பணத்தை வைத்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. அக்கா வரவில்லை.

இதில் கசப்பு என்னவென்றால், அந்தக் கையெழுத்தே தேவையில்லை. அப்போது நடைமுறையில் இருந்த கிராஜுவிட்டி சட்டம், அதாவது 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 6-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொன்னது. குடும்பம் இல்லாதபோது வெளியாள் ஒருவர் பெயரில் செய்த நியமனம், பிற்பாடு குடும்பம் அமைந்தவுடன் தானாகவே செல்லாததாகிவிடும். அக்கா, தங்கை, அண்ணன், தம்பி யாரும் அந்தச் சட்டத்தின் ‘குடும்பம்’ என்ற வரையறைக்குள் வரவில்லை. ஆகவே தாலி கட்டிய அன்றே அக்கா பெயர் அந்தப் படிவத்தில் உயிர் இழந்துவிட்டது. அதன் பிறகு விதிப்படி 90 நாளுக்குள் ‘ஜி’ படிவத்தில் புதிய நியமனம் வந்திருக்க வேண்டும். வராததால், நியமனமே இல்லாத கணக்காக அதை எடுத்து வாரிசுகளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் இருந்தவர்கள் இரண்டே பேர், மனைவியும் மகளும். ஆளுக்கு 54,000. குழந்தையின் பங்கைத் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டினால், குழந்தை மேஜர் ஆகும்வரை அவர் அதை வங்கியில் போட்டு வைப்பார். கடைசியில் நடந்ததும் இதுதான். சங்கம் சட்டப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்த பிறகு நடந்தது.

காப்பீட்டில் இந்த வழியும் இல்லை. அங்கே கல்யாணம் ஆனாலும் பழைய பெயர் சாகாது; எழுதி மாற்றி, மாற்றியதைப் பதிவு செய்யும்வரை அதுவே நிற்கும். ஒரே நாளில், ஒரே பேனாவில், ஒரே கட்டத்தில் எழுதிய ஒரே பெயர் ஒரு பணத்துக்குச் செல்லாது, இன்னொரு பணத்துக்குச் செல்லும். அக்கா அந்தப் பணத்தை வாரிசுகளுக்காக வாங்கியவர்தானே, கோர்ட்டுக்குப் போனால் கிடைக்காதா என்று சிலர் கேட்டார்கள். கிடைக்கக்கூடும். கைக்குழந்தையோடு இருக்கிற பெண் திருவாரூருக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்து, தன் புருஷனை வளர்த்த நாத்தனாரின் மேல் வழக்குப் போட வேண்டும். அவர் போடவில்லை. அக்காவையும் நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து வயதில் தம்பியைத் தூக்கிச் சுமந்தவருக்கு, அந்தப் பணம் தனக்கு வந்தது தம்பியின் விருப்பம் என்று தோன்றியதில் என்ன தப்பு? அது அவன் விருப்பமா, அலுவலகம் கேட்க மறந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது உங்கள் புதிய கட்டத்துக்கு வருகிறேன். இந்த மூன்றையும் ஒன்றாக்க முடியாது. பி.எஃப். நியமனத்தைத் தொழிலாளி தன் யு.ஏ.என். கணக்கில் நுழைந்து, ஆதார் சரிபார்த்து, தானே பதிய வேண்டும். உங்கள் மென்பொருளில் ஏற்றுவதால் அது நடக்காது. இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் இங்கே அதிகம் நடக்கிறது. செல்போனில் பி.எஃப். நாமினியை மாற்றிவிட்டு, ‘எல்லாம் மாத்திட்டேன் அண்ணே’ என்று வந்து சொல்கிற பிள்ளைகள். பி.எஃப்.பில் மாற்றினால் கிராஜுவிட்டியில் மாறாது, காப்பீட்டிலும் மாறாது. அதை அவர்களுக்குச் சொல்கிற ஒரு வரி இந்த ஆலையின் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அதற்காக, ‘கல்யாணம் ஆனால் பழைய நியமனம் எல்லாம் ரத்து’ என்று அடுத்த சுற்றறிக்கை போட்டுவிடாதீர்கள். அதுவும் தப்பு. பேக்கிங் பிரிவில் ஒருவர் கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியிருக்கிறார். அம்மா அவரைச் சார்ந்து வாழ்கிறவர், ஆகவே அவரும் சட்டப்படி குடும்பம்தான். குடும்பத்தில் ஒருவருக்குச் செய்த நியமனம் கல்யாணத்தால் கலையாது. இன்றைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் கிராஜுவிட்டி முழுவதும் அம்மா பெயருக்குத்தான் போகும்; மனைவி பெயரைச் சேர்க்க மாற்றப் படிவத்தில் அவர்தான் மாற்றம் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற அவருடைய சொந்த ஆயுள் பாலிசியில் விஷயம் இன்னும் இறுக்கம். காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு 2015-இல் திருத்தப்பட்ட பிறகு, தாய் தந்தை, கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் யாரை நியமித்திருந்தாலும் பணம் அவருக்கே உரியதாகிறது, மற்றவர்களுக்காக வாங்கிக் கொடுக்கிறவராக இல்லை. அம்மா மட்டும் இருக்கட்டும் என்பது அவர் விருப்பமாகவும் இருக்கலாம். அதில் நமக்கு வேலை இல்லை. அவர் தெரிந்து எடுத்த முடிவா, கேட்பாரில்லாமல் கிடக்கிற பழைய காகிதமா என்பதுதான் கேள்வி.

‘மாற்றம் தேவைப்படுவோர் அணுகலாம்’ என்பதால் இது ஒருநாளும் தெரியவராது. தேவைப்படுகிறது என்றே தெரியாதவர் எப்படி அணுகுவார்? நம் ஊர்ப் பக்கம் கல்யாணங்கள் தையிலும் மாசியிலும் குவிகின்றன. அதே நேரத்தில்தான் சம்பா நெல் லாரி லாரியாக வந்து எடைமேடையில் வரிசை கட்டுகிறது, பாய்லர் அணைவதில்லை, மூன்று நாள் கல்யாண லீவே கெஞ்சித்தான் கிடைக்கும். அந்த அவசரம் அடங்குவதற்குள் 90 நாள் ஓடிவிடும்.

சட்டத்தின் படிவங்களைத் திருத்தச் சொல்லவில்லை. அவற்றை மாற்ற உங்களுக்கும் அதிகாரம் இல்லை, எங்களுக்கும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல், 1972 சட்டத்துக்குப் பதிலாக, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 55-ஆம் பிரிவும் நியமனத்தில் இதே ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கிறது. படிவத்தின் எழுத்து மாறினாலும் நாங்கள் கேட்பது மாறாது. படிவத்துக்கு மேலே, தொழிலாளி படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு தாள் வையுங்கள். வாசகத்தைச் சங்கமே எழுதித் தருகிறது. கிராஜுவிட்டித் தாளில் இப்படி இருக்கட்டும்:

“இந்தத் தாள் கிராஜுவிட்டிக்கு மட்டும். பி.எஃப்.புக்கோ காப்பீட்டுக்கோ நீங்கள் கொடுத்த பெயர் இதற்குச் செல்லாது. இன்றைய தேதியில் உங்களுக்கு மனைவி அல்லது கணவர், உங்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள், சார்ந்து வாழும் தாய் தந்தை, நீங்கள் பெண் தொழிலாளி என்றால் சார்ந்து வாழும் மாமனார் மாமியார் ஆகியோரில் ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் அவர்களுக்குள்தான் பெயர் எழுத முடியும். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பெயரை எழுதினால் செல்லாது. இவர்களில் ஒருவரும் இல்லை என்றால் யார் பெயரையும் எழுதலாம். ஆனால் உங்களுக்குக் கல்யாணம் ஆன அன்றே அந்தப் பெயர் தானாகச் செல்லாமல் போகும். 90 நாளுக்குள் புதிய படிவம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மேல் எழுதினால் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுங்கள். கூட்டினால் நூறு வர வேண்டும்.”

கடைசி வரி அற்பமாகத் தெரியலாம். இரண்டு பேருக்கு ஐம்பது ஐம்பது எழுதியிருந்தவர், மூன்றாவதாக ஒரு பெயரைப் பக்கத்தில் நுழைத்து அதற்கும் ஐம்பது போட்டிருந்த படிவத்தை இந்த ஆலையின் கோப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டுத் தாளுக்கு:

“இந்தத் தாள் குழுக் காப்பீட்டுக்கு மட்டும். கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், இதில் இருக்கும் பெயர் தானாக மாறாது. நீங்கள் எழுதிக் கொடுத்து, அது பதிவாகி, பதிவான தேதி போட்ட நகல் உங்கள் கைக்கு வந்தால்தான் மாறியதாக அர்த்தம். 18 வயது ஆகாத பிள்ளையின் பெயரை எழுதினால், பிள்ளைக்காகப் பணத்தை வாங்கும் பெரியவர் ஒருவரின் பெயரையும் எழுதி அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.”

அந்தப் பெரியவர் யார் என்பதைத் தொழிலாளியே முடிவு செய்யட்டும். மனைவி பெயரை அலுவலகமே நிரப்பி வைப்பதும் வேண்டாம், மாமா சித்தப்பா என்று யோசனை சொல்வதும் வேண்டாம்.

இனி நினைவூட்டல். கல்யாண லீவு விண்ணப்பமோ முன்பண விண்ணப்பமோ வந்தால், ஒப்புதல் சீட்டோடு சேர்த்து இதைக் கொடுங்கள்: “உங்கள் கிராஜுவிட்டி நியமனத்தில் இப்போது இருக்கும் பெயர் இது. குழுக் காப்பீட்டில் இருக்கும் பெயர் இது. கிராஜுவிட்டியில் இருப்பவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர் என்றால் கல்யாணத்தோடு அது செல்லாது. இந்தத் தேதிக்குள் புதிய படிவம் கொடுங்கள். தாய் தந்தை பெயர் இருந்தால் அது தொடரும். துணைவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். காப்பீட்டில் எந்தப் பெயரும் தானாக மாறாது.” தேதியை அலுவலகமே கணக்குப் போட்டு எழுதித் தர வேண்டும். தொண்ணூறு நாள் என்று மட்டும் எழுதினால் யாரும் எண்ணிக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

குழந்தை பிறந்ததற்கான சீட்டு வேறு மாதிரி இருக்க வேண்டும்: “குழந்தை பிறந்ததால் மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள நியமனம் ரத்தாகாது. குழந்தைக்குத் தானாகப் பங்கும் வராது. சேர்க்க விரும்பினால் பங்குகளைப் பிரித்து மாற்றப் படிவம் கொடுங்கள்.” பிரசவ விடுப்பில் போகும் பெண்களிடம் இதைப் போகும்போது கொடுக்காமல் திரும்பி வந்த முதல் வாரத்தில் கொடுங்கள். அப்பாவான ஆண்களுக்கு லீவே கிடையாது என்பதால் அவர்களை நீங்கள் கண்டுபிடிக்கும் இடம் ஈ.எஸ்.ஐ. சேர்க்கைதான்; அந்த விண்ணப்பத்தைக் கையில் வாங்கும்போதே சீட்டைக் கொடுத்துவிடலாம்.

இதில் எதிலும் சிக்காமல் போகிறவர்களுக்காக வருடத்துக்கு ஒருமுறை எல்லோரிடமும் கேளுங்கள். தீபாவளிக்கு முன் போனஸ் பட்டியலில் கையெழுத்துப் போட அலுவலகப் படியேறாத ஆள் இந்த ஆலையில் இல்லை. அன்றைக்கு ஒவ்வொருவர் பெயரிலும் ஒட்டிய உறையில், அவரவர் நியமன விவரத்தைப் போட்டுக் கொடுங்கள். உள்ளே இரண்டே பதில்: ‘இதுவே தொடரட்டும்’, ‘மாற்ற வேண்டும், படிவம் தரவும்’. பட்டியலிலேயே பெயருக்கு எதிரே நியமனதாரர் பெயரை அச்சடித்துவிடாதீர்கள். பக்கத்தில் நிற்கிறவன் பார்த்து, அது அவன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இவன் வீட்டுக்கு வந்து, அம்மாவா மனைவியா என்று நடுவீட்டில் பஞ்சாயத்து ஆகும்.

நகலைப் பற்றி ஒன்று. கிராஜுவிட்டி நியமனத்துக்கான ‘எஃப்’ படிவத்தை இரண்டு பிரதியாக வாங்கி, 30 நாளுக்குள் சரிபார்த்துச் சான்றிட்டு, ஒரு பிரதியைத் தொழிலாளியிடமே திருப்பித் தர வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. இங்கே அப்படித் திரும்பிவந்த பிரதியைக் கையில் வைத்திருக்கிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தத் தம்பியின் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தப் பிரதி இருந்திருந்தால், ரேஷன் கார்டுக்குப் பெயர் சேர்த்த அன்றே இதையும் அவர் மனைவி எடுத்துப் பார்த்திருப்பார். நம் பெண்கள் காகிதத்தைப் பத்திரமாக வைப்பார்கள், அடிக்கடி எடுத்தும் பார்ப்பார்கள். ஆலையின் பீரோ அதைச் செய்யாது.

ஆகவே சங்கத்தின் சார்பில் நாங்கள் கேட்பவை: அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பழைய பெயர்களை மென்பொருளில் ஏற்றும் வேலையை, ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத்தில் பதில் வாங்கும்வரை நிறுத்தி வையுங்கள். கிராஜுவிட்டிக்கும் காப்பீட்டுக்கும் தனித்தனித் தாள், மேலே சொன்ன தமிழ் வாசகத்தோடு, புதிதாகச் சேர்கிறவர்களிடமிருந்தே தொடங்குங்கள், பி.எஃப். நியமனத்தை இணையத்தில் பதிய, கணினியில் உட்கார்ந்து உதவ ஓர் ஆளை மாதத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். கல்யாணம், குழந்தைப் பிறப்பு, போனஸ் நாள் ஆகிய மூன்று சமயத்திலும் நினைவூட்டல் சீட்டு கொடுப்பது யார் பொறுப்பு என்று ஒருவர் பதவியைக் குறித்து உத்தரவு போடுங்கள். இதுவரை வாங்கிய எல்லா நியமனப் படிவத்துக்கும் சான்றிட்ட பிரதியை அவரவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பெயரில் இருக்கும் கிராஜுவிட்டி நியமனங்களை முதலில் எடுத்து, அவர்களில் கல்யாணமானவர்களை இந்த மாதமே கூப்பிட்டுப் பேசுங்கள்.

பதிலை எழுத்தில் கேட்கிறோம், அடுத்த சம்பள நாளுக்குள். அதற்குள் வராவிட்டால் இதே கோரிக்கைகளைத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனுவாகக் கொடுப்பதென்று சங்கத்தின் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

இப்படிக்கு,
தொழிற்சங்கச் செயலாளர்,
எடைமேடைப் பிரிவு